பெட்டிக்குப் பக்கத்துல சாவியா, ஆளா? ஸ்டேஷன் போர்டு படங்களை வாசிக்கறது எப்படி

ஒரு தடவை மொழி தெரியாத ஊர்ல ஒரு பெரிய ஸ்டேஷன் நடுவுல அம்மாவோட நின்னுட்டு இருந்தேன், சாயங்காலம் ஏழரை மணி இருக்கும், ரயில் ராத்திரி 22:40க்கு. கையில ஒரு பெரிய பெட்டி, அம்மாவுக்கு முட்டி வலி, படி ஏற முடியாது. தலைக்கு மேல நீளமா ஒரு போர்டு தொங்குது, அதுல நாலு சின்ன சதுரப் படம், ரெண்டு அம்புக்குறி, கீழ எனக்குத் தெரியாத எழுத்து. பெட்டி படத்தைப் பாத்தேன், இடது பக்க அம்புக்குறியைப் பாத்தேன், கிளம்பிட்டேன். பெட்டியையும் இழுத்துக்கிட்டு அம்மாவையும் நடத்திக்கிட்டு அந்தக் கோடி வரைக்கும் போனா அங்க லிஃப்டும் வெயிட்டிங் ரூமும்தான் இருந்துச்சு, லக்கேஜ் ரூம் நேர் எதிர்ப்பக்கம். போர்டுல தப்பு எதுவும் இல்ல, எனக்குத்தான் வாசிக்கத் தெரியல. அதுக்கப்புறம் இந்தப் படங்களைப் பத்தி உக்காந்து படிச்சேன், அதைத்தான் இங்க எழுதறேன், முதல் தடவை பாக்கறவங்களுக்குப் புரியற மாதிரி.

முதல்ல ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க. போர்டுல ரெண்டு வகை சமாச்சாரம்தான் இருக்கு. சதுரக் கட்டத்துக்குள்ள இருக்கற படம் "என்ன" இருக்குன்னு சொல்லுது, கட்டத்துக்கு வெளிய தனியா நிக்கற அம்புக்குறி அது "எங்க" இருக்குன்னு சொல்லுது. அம்புக்குறியே இல்லாம படம் மட்டும் இருந்தா "இதுதான் அந்த இடம்"னு அர்த்தம், அந்த மாதிரி போர்டு பெரும்பாலும் கதவுக்கு மேலயோ, சுவர்ல இருந்து கொடி மாதிரி வெளிய நீட்டிக்கிட்டோ இருக்கும், நடந்து வரும்போதே தூரத்துல தெரியணும்னு அப்படி வைக்கறாங்க. புதுசா பாக்கறவங்க அதிகமா குழம்பறது எங்கன்னா, சில படங்களுக்கு உள்ளயே அம்புக்குறி இருக்கும். அது போற வழி இல்ல, படத்தோட ஒரு பாகம் அவ்வளவுதான். இதுக்கு நல்ல உதாரணம் லிஃப்ட்.

லிஃப்ட் படத்துல ஒரு மூடின பெட்டி, அதுக்குள்ள ரெண்டு மூணு ஆளுங்க பக்கம் பக்கமா நிக்கறாங்க, தலைக்கு மேல ஒரு முக்கோணம் மேல பாத்தும் இன்னொண்ணு கீழ பாத்தும் இருக்கும். எங்க அம்மா இதைப் பாத்துட்டு "பாத்ரூம் இங்கதான்டா இருக்கு"ன்னாங்க, ஏன்னா டாய்லெட் படத்துலயும் ஆளுங்க பக்கம் பக்கமா நிக்கறாங்க இல்லையா. இது நிறைய பேருக்கு வர்ற குழப்பம். வித்தியாசம் எங்கன்னா, டாய்லெட் படத்துல ஒரு ஆணும் ஒரு பெண்ணும், நடுவுல பெரும்பாலும் நெட்டா ஒரு கோடு, அது ரெண்டு அறையைப் பிரிக்கற சுவர்னு வச்சுக்கலாம். லிஃப்ட்ல நடுக்கோடு கிடையாது, எல்லாரும் ஒரே கட்டத்துக்குள்ள, மேல முக்கோணங்கள். தூரத்துல இருந்து ஆளுங்களோட உருவம் சரியா தெரியாது, அதனால முதல்ல முக்கோணத்தைத் தேடுங்க, அது இருந்தா லிஃப்ட்.

அந்த முக்கோணம் ரெண்டும் "மேலயும் போகும் கீழயும் போகும்"னு லிஃப்டோட குணத்தைச் சொல்லுது, நீங்க மேல பாத்து நடங்கன்னு சொல்லல. நீங்க எந்தப் பக்கம் நடக்கணும்ங்கறதை பக்கத்துல தனியா இருக்கற அம்புக்குறிதான் சொல்லும். எஸ்கலேட்டர் படமும் இதே மாதிரிதான், சரிவா ஒரு படிக்கட்டு, அதுமேல ஒரு ஆள், சிலதுல கூடவே ஒரு அம்புக்குறி, அந்த அம்புக்குறி எஸ்கலேட்டர் ஏறுதா இறங்குதான்னு காட்டுது.

லிஃப்ட் படத்தோட ஒட்டி வீல்சேர் படம் இருந்தா அதைக் கவனிங்க. அந்த வீல்சேர் சின்னம் 1968ல வந்தது, சூசன் கூஃபுட்ங்கற டென்மார்க் மாணவி வரைஞ்சது, அவங்க வரைஞ்சதுல தலை கிடையாது, பின்னாடி ஒரு வட்டம் சேத்து அதை மனுஷ உருவமா ஆக்கினாங்க. ஸ்டேஷன்ல லிஃப்டும் வீல்சேரும் ஒண்ணா வந்தா பொதுவா "படியே இல்லாம போற வழி இது"ன்னு அர்த்தம். வெறும் லிஃப்ட் படம்னா லிஃப்ட் இருக்குன்னு மட்டும்தான் உறுதி, அதுக்கு முன்னாடி நாலு படி இருக்கலாம். அம்மா மாதிரி முட்டி வலி இருக்கறவங்களுக்கும், கனமான பெட்டி இழுக்கறவங்களுக்கும், குழந்தையை தள்ளுவண்டில வச்சிருக்கறவங்களுக்கும் அந்த வீல்சேர் வழிதான் வழி, அது நமக்கு இல்லன்னு நினைச்சு விட்டுடாதீங்க.

லிஃப்ட் கதவுக்குப் பக்கத்துல இன்னொரு படம் பாக்கலாம், லிஃப்ட், நெருப்பு, மேல சிவப்பு வட்டத்துல குறுக்குக் கோடு. லிஃப்ட் ரிப்பேர்னு அர்த்தம் இல்ல, தீப்பிடிச்சா இதுல ஏறாதீங்கன்னு அர்த்தம். இதுல இருந்து ஒரு பொது விஷயமும் தெரிஞ்சுக்கலாம், வசதியைச் சொல்ற படங்கள் சதுரத்துல இருக்கும், அதோட நிறம் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் மாறும், நீலம் கறுப்பு மஞ்சள்னு எதுவா வேணா இருக்கலாம், அதுல பெருசா அர்த்தம் தேட வேண்டாம். ஆனா சிவப்பு வட்டத்துல குறுக்குக் கோடுன்னா செய்யாதேன்னும், மஞ்சள் முக்கோணம்னா ஜாக்கிரதைன்னும், பச்சைன்னா ஆபத்துல தப்பிக்கற வழின்னும் அர்த்தம், அதெல்லாம் பாதுகாப்புக்கான வேற குடும்பம்.

இந்தப் பச்சை விஷயம் ஏன் முக்கியம்னு ஒரு இடத்துல நல்லா தெரியும். மீட்டிங் பாயிண்ட்னு ஒரு படம் இருக்கு, நாலு மூலைல இருந்து நாலு அம்புக்குறி நடுவை நோக்கி வரும், நடுவுல ஒரு புள்ளி. கூட வந்தவங்க பிரிஞ்சுட்டா இங்க வந்து சேருங்கன்னு அர்த்தம், உள்ள இருக்கற அம்புக்குறி வழி காட்டாதுங்கறதுக்கு இதுவும் ஒரு உதாரணம். கிட்டத்தட்ட இதே நாலு அம்புக்குறி பச்சை நிறத்துல, நடுவுல ஆளுங்க கூட்டமா நிக்கற மாதிரி இருந்தா அது ஆபத்து நேரத்துல எல்லாரும் வெளிய வந்து கூட வேண்டிய இடம். அங்க போய் "ஆறு மணிக்கு வந்துடு"ன்னு யாரையும் வரச்சொல்லாதீங்க, அது பெரும்பாலும் கட்டடத்துக்கு வெளியதான் இருக்கும்.

வெயிட்டிங் ரூம் சுலபம். ஒரு ஆள் பக்கவாட்டுல உக்காந்திருப்பார், அவருக்கு மேல ஒரு கடிகாரம். கடிகாரம்தான் இங்க முக்கியம், அது இல்லாம வெறும் உக்காந்த ஆள் மட்டும் இருந்தா சாதாரண இருக்கையா இருக்கலாம், இல்ல வயசானவங்களுக்கு விட்டுக்கொடுக்க வேண்டிய இருக்கையா இருக்கலாம். ஆள் இல்லாம கடிகாரம் மட்டும் இருந்தா அது நேரத்தைப் பத்தினது, உக்கார்ற இடம் இல்ல. டிக்கெட் வகுப்பைப் பொறுத்து வெயிட்டிங் ரூம் வேற வேறயா இருக்கற ஸ்டேஷன்ல படத்துக்குப் பக்கத்துல 1, 2ன்னு எண் போட்டிருப்பாங்க, அதையும் சேத்து வாசிங்க.

ஹெல்ப் டெஸ்க் கொஞ்சம் விசேஷம், ஏன்னா அதுக்கு நிஜத்துல ஒரு படமே கிடையாது. லிஃப்டை வரையலாம், பெட்டியை வரையலாம், "உதவி"யை எப்படி வரையறது? அதனால எழுத்தை வச்சு சமாளிச்சாங்க. 1974ல அமெரிக்க போக்குவரத்துத் துறையும் ஏஐஜிஏங்கற வடிவமைப்பாளர் சங்கமும் சேந்து 34 படங்களை வெளியிட்டாங்க, வரைஞ்சது குக் அண்ட் ஷனாஸ்கிங்கற நிறுவனம், 1979ல இன்னும் 16 சேத்து மொத்தம் 50 ஆச்சு. யார் வேணா காசு குடுக்காம எடுத்துக்கலாம்னு விட்டதால இன்னிக்கு நாம உலகம் பூரா பாக்கற லிஃப்ட், டாய்லெட், பெட்டி படங்கள்ல நிறைய அந்தக் குடும்பத்துச் சாயல்தான். அந்த செட்ல தகவல் சொல்ற இடத்துக்கு கேள்விக்குறி போட்டாங்க. வேற நிறைய இடங்கள்ல ஆங்கில சின்ன எழுத்து ஐ, அதாவது நெட்டா ஒரு கோடு மேல ஒரு புள்ளி, அது தகவலுக்கான ஆங்கில வார்த்தையோட முதல் எழுத்து. ரெண்டும் ஒரே வேலைக்குத்தான், அதனால ஒரு ஸ்டேஷன்ல கேள்விக்குறி பாத்துட்டு இன்னொரு ஸ்டேஷன்ல அதையே தேடி கிடைக்கலன்னா புள்ளி வச்ச அந்த எழுத்தைத் தேடுங்க.

ஆனா அந்த எழுத்து மட்டும் இருந்தா அங்க ஒரு மனுஷர் இருப்பார்னு உறுதி இல்ல. வெறும் மேப் ஒட்டின பலகைக்கோ தொடுதிரை மெஷினுக்கோ கூட அதே எழுத்தைப் போடறாங்க. கேட்டு பதில் வாங்கணும்னா கவுண்டருக்குப் பின்னாடி ஒரு ஆள் இருக்கற படத்தைத் தேடுங்க, கூடவே கேள்விக்குறியோ அந்த எழுத்தோ இருக்கும். அதே கவுண்டர் ஆள் கையில டிக்கெட் மாதிரி ஒரு சின்ன செவ்வகம் இருந்தா அது டிக்கெட் கவுண்டர். அங்க வரிசைல நின்னு வழி கேட்டா பின்னாடி நிக்கறவங்களுக்கும் கஷ்டம், நமக்கும் நேரம் போகும்.

இப்ப பெட்டிக்கு வருவோம், நான் ஏமாந்ததும் இங்கதான், நிறைய பேர் ஏமாறதும் இங்கதான். சூட்கேஸ் படம் ஒண்ணுதான், ஆனா அதுக்குப் பக்கத்துல என்ன இருக்குங்கறதைப் பொறுத்து அர்த்தம் மொத்தமா மாறிடும். நம்ம பேச்சுல க்ளோக் ரூம்னு சொல்லிப் பழகிட்டோம், ஆனா அந்த வார்த்தை வேற ஊர்கள்ல கோட்டு மாட்டற அறையைக் குறிக்கும், சில இடத்துல டாய்லெட்டையே குறிக்கும், அதனால வார்த்தையை விட படத்தை நம்பறது நல்லது. கோட்டு மாட்டற அறைக்கு ஹேங்கர் படம் போட்டிருப்பாங்க, அங்க சூட்கேஸ் வாங்குவாங்கன்னு எதிர்பாக்காதீங்க.

சூட்கேஸும் சாவியும் சேந்து இருந்தா லாக்கர். சிலதுல சூட்கேஸை ஒரு பெட்டகத்துக்குள்ள வச்ச மாதிரி வரைஞ்சு பக்கத்துல சாவி இருக்கும். அங்க பொதுவா ஆள் இருக்க மாட்டாங்க, வரிசையா இரும்புக் கதவுகள், நீங்களே வச்சு நீங்களே பூட்டணும். இன்னிக்கு நிறைய லாக்கர்ல சாவியே கிடையாது, நம்பர் அச்சடிச்ச சீட்டுதான் வரும், ஆனாலும் படத்துல சாவி போடற வழக்கம் போகல. லாக்கரோட முக்கியமான வரம்பு அளவுதான், பெட்டி அந்தக் கதவுக்குள்ள நுழையணும். அன்னிக்கு நான் ஒருவழியா சரியான பக்கம் வந்து சேந்ததும் முதல்ல கண்ணுல பட்டது சாவி படம்தான், போய் பாத்தா பெரிய லாக்கர் எல்லாமே பூட்டிக் கிடந்துச்சு, மிச்சம் இருந்ததுல என் பெட்டி பாதிதான் உள்ள போச்சு.

சாவிக்குப் பதிலா ஆள் இருந்தா, அதாவது சூட்கேஸும் அதை வாங்கிக்கற ஒருத்தரும், இல்ல கவுண்டரும் பெட்டியும்னு இருந்தா, அது ஆள் வச்சு நடத்தற லக்கேஜ் ரூம். பெட்டியைக் குடுத்தா சீட்டு குடுப்பாங்க, சீட்டைக் காட்டித்தான் திரும்ப வாங்க முடியும். பெரிய பெட்டி, ஒழுங்கில்லாத வடிவத்துல இருக்கற மூட்டை, இதுக்கெல்லாம் இந்த அறைதான் சரி. ஆனா ஆள் இருக்கற இடம்னா திறக்கற நேரமும் மூடற நேரமும் இருக்கும், அதை கடைசில சொல்றேன்.

ஒரு ஆள் தலைல தொப்பியோட, முன்னாடி சூட்கேஸ் திறந்து கிடந்தா அது கஸ்டம்ஸ் சோதனை, எல்லை தாண்டற ரயில் இருக்கற ஸ்டேஷன்ல வரும். குடையோ கையுறையோ மாதிரி ஒரு பொருளும் கேள்விக்குறியும் சேந்து இருந்தா தொலைஞ்ச பொருள் தேடற இடம். இங்க கொஞ்சம் நின்னு பாருங்க, தனியா கேள்விக்குறின்னா உதவி, பொருளோட கேள்விக்குறின்னா தொலைஞ்ச பொருள். அவசரத்துல கேள்விக்குறி மட்டும் கண்ணுல படும், பக்கத்துல குடை இருக்கறது கண்ணுல படாது. சூட்கேஸுக்குக் கீழ சக்கரமும் பின்னாடி கைப்பிடியும் இருந்தா தள்ளுவண்டி கிடைக்கற இடம். எதுவுமே இல்லாம வெறும் சூட்கேஸ் மட்டும் இருந்தாத்தான் குழப்பம், 1974 செட்ல அது விமானத்துல வந்த பெட்டியைத் திரும்ப எடுத்துக்கற இடம், ஆனா சில ஸ்டேஷன்ல லக்கேஜ் ரூமுக்கே அதைப் போட்டு வச்சிருப்பாங்க. விமான நிலையத்தோட ஒட்டின ஸ்டேஷன்னா வெறும் சூட்கேஸை நம்பி போகாதீங்க, பக்கத்துல சாவியோ ஆளோ இருக்கற படம் வேற எங்கயாவது இருக்கான்னு பாருங்க.

சரி, இப்ப நான் நின்ன அந்த போர்டுக்கே போவோம். இடது ஓரத்துல இடது பாத்த அம்புக்குறி, அதுக்கு அடுத்து லிஃப்ட், அடுத்து வெயிட்டிங் ரூம், அப்புறம் கொஞ்சம் இடைவெளி, அப்புறம் சூட்கேஸும் சாவியும், அடுத்து புள்ளி வச்ச எழுத்து, வலது ஓரத்துல வலது பாத்த அம்புக்குறி. நான் இதை ஒரு வரி எழுத்து மாதிரி இடமிருந்து வலமா வாசிச்சேன், முதல்ல இடது அம்பு வந்துச்சா, அப்ப பின்னாடி வர்ற எல்லாமே இடதுன்னு எடுத்துக்கிட்டேன். அப்படி வாசிக்கக் கூடாது. நடுவுல இருக்கற அந்த இடைவெளிதான் வேலி, சில போர்டுல இடைவெளிக்குப் பதிலா நெட்டுக் கோடு இருக்கும். ஒவ்வொரு அம்புக்குறிக்கும் அந்த வேலி வரைக்கும்தான் அதிகாரம். இடது அம்பு லிஃப்டுக்கும் வெயிட்டிங் ரூமுக்கும், வலது அம்பு லாக்கருக்கும் தகவல் கவுண்டருக்கும். ஓரத்துல இருந்து அம்பைப் புடிச்சுக்கிட்டு உள்நோக்கி வாசிங்க, வேலி வந்ததும் நிறுத்துங்க, அப்புறம் அடுத்த ஓரத்துல இருந்து ஆரம்பிங்க. இவ்வளவுதான், ஆனா இதை யாரும் எனக்கு சொல்லித் தரல.

மேல பாத்த அம்புக்குறின்னா பொதுவா "நேரா போ"ன்னு அர்த்தம், மாடிக்குப் போன்னு இல்ல. படிக்கட்டு பக்கத்துல தொங்கற போர்டா இருந்தா மட்டும் மேல ஏறுன்னும் எடுத்துக்கலாம், அதனால அம்பைப் பாத்ததும் போர்டுக்கு அந்தப்பக்கம் தரை சமமா போகுதா படி ஏறுதான்னு ஒரு பார்வை பாத்துடுங்க. கீழ பாத்த அம்பு இன்னும் குழப்பம், கதவுக்கு மேல இருந்தா "இந்தக் கதவு வழியா"ன்னு அர்த்தம், படி இறங்கற இடத்துல இருந்தா கீழ இறங்குன்னு அர்த்தம், சில இடத்துல நேரா போறதுக்கே இதைப் போடறாங்க. சாய்வா இருக்கற அம்பு நல்லது, அது ஏறி வலது, இறங்கி இடதுன்னு ரெண்டையும் சேத்து சொல்லிடும்.

தப்பா போறோமான்னு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. வழி பிரியற ஒவ்வொரு இடத்துலயும் நாம தேடற படம் திரும்ப வரணும். ஒரு முனை தாண்டி அடுத்த முனை வந்தும் அந்தப் படம் இல்லன்னா எங்கயோ விட்டுட்டோம், முன்னாடி போகாம கடைசியா அந்தப் படத்தைப் பாத்த இடத்துக்கே திரும்பிப் போங்க. அன்னிக்கு நான் இடது பக்கம் போனப்ப முதல் முனைலயே சூட்கேஸ் படம் காணாம போச்சு, லிஃப்டும் வெயிட்டிங்கும் மட்டும்தான் தொடர்ந்து வந்துச்சு, அப்பவே நின்னிருக்கணும்.

லிஃப்ட் விஷயத்துல இன்னொரு வரம்பு, படம் லிஃப்ட் இருக்குன்னு சொல்லும், எந்த பிளாட்ஃபாரத்துக்குப் போகும்னு சொல்லாது. அதுக்கு படத்தோட ஒட்டி இருக்கற எண்ணைப் பாக்கணும், 3, 4ன்னு இருந்தா அந்த பிளாட்ஃபாரங்களுக்கு மட்டும். தெருவுல இருந்து ஹாலுக்கு ஒரு லிஃப்ட், ஹால்ல இருந்து பிளாட்ஃபாரத்துக்கு வேற லிஃப்ட்னு ரெண்டு மாறி ஏற வேண்டியும் வரும், முதல் லிஃப்ட்ல இருந்து வெளிய வந்ததும் திரும்ப அதே படத்தைத் தேடுங்க.

அன்னிக்கு கடைசில பண்ணது இதுதான். அம்மாவை முதல்லயே வெயிட்டிங் ரூம்ல உக்கார வச்சுட்டு நான் மட்டும் பெட்டியோட வலது பக்கம் வந்தேன், லாக்கர்ல பெட்டி நுழையல, பக்கத்துலயே தகவல் கவுண்டர் இருந்ததால அங்க பெட்டியைக் காட்டி, கையாலயே இவ்ளோ பெருசுன்னு சைகை காட்டினேன், அவர் ஆள் வச்ச லக்கேஜ் ரூம் பக்கம் கை காட்டினார். அந்தக் கதவுல ஆளும் பெட்டியும் இருக்கற படம், அதுக்குக் கீழ சின்னதா 06:00–22:00ன்னு எழுதியிருந்துச்சு. எந்த மொழி தெரியாட்டியும் எண் புரியும். என் ரயில் 22:40க்கு, அந்த அறை 22:00க்கு மூடிடும், ரயில் நேரத்தை மனசுல வச்சுக்கிட்டு 22:15க்கு வந்திருந்தா பெட்டி உள்ள, நான் வெளிய. 21:40க்கு எடுத்துக்கறதுன்னு முடிவு பண்ணி போன்ல அலாரம் வச்சுட்டு, சீட்டை பர்ஸ்ல வச்சுக்கிட்டு, உக்காந்த ஆளும் கடிகாரமும் இருக்கற படத்தைப் பாத்துக்கிட்டே அம்மா இருந்த பக்கம் நடந்தேன்.